நார்மல் பி.எச்.சுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு கோளாறுகள்

இருபத்தோரு வயதுப் பெண். பத்து வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய். இரண்டு நாளாக ஓயாத வாந்தி. சாப்பிட முடியவில்லை என்பதால் இன்சுலினையும் நிறுத்திவிட்டார். இப்படிப்பட்டவர்களை எந்த அவசரப் பிரிவிலும் பார்க்கலாம். விளக்குவதற்காக எண்களை நானே பொருத்தி இந்த நோயாளியை எடுத்துக்கொள்கிறேன்.

சர்க்கரை 480. பயிற்சி மருத்துவருக்கு உடனே டி.கே.ஏ. நினைவுக்கு வருகிறது. இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரித்து, கீட்டோன் அமிலங்களை ரத்தத்தில் கொட்டும் நிலை அது, உயிருக்கே ஆபத்தானது. அமிலம் ஏறியிருந்தால் ரத்தத்தின் பி.எச். 7.30க்குக் கீழே போயிருக்க வேண்டும். தமனி ரத்தத்தை எடுத்து ஏ.பி.ஜி. மெஷினில் போடுகிறார். பி.எச். 7.37, கார்பன் டை ஆக்சைடு 37, பைகார்பனேட் 21. கிட்டத்தட்ட எல்லாமே இயல்பு.

"சார், ஏ.பி.ஜி. நார்மலா இருக்கு. டி.கே.ஏ. இல்லைனு நினைக்கிறேன். வாந்திக்கு ஊசி போட்டு, இன்சுலின் குடுத்து அனுப்பிடலாமா?"

"குளோரைடு எவ்வளவு?"

"86 சார்."

"சோடியம்?"

"136."

"கழிச்சுப் பாருங்க. அனுப்பாதீங்க, அட்மிஷன் போடுங்க."

மூத்தவர் மனதில் போட்ட அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை. கால்குலேட்டர்கூட வேண்டியதில்லை, கூட்டல் கழித்தல் போதும். ஆனால் ஒவ்வொரு கழித்தலும் எதற்கு என்று தெரியாமல் போட்டால் தவறான விடையை நம்பிக்கையோடு சொல்லிவிடும் கணக்கு இது.

முதலில் அனயான் கேப். ரத்தத்தில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் எப்போதும் சமமாகத்தான் இருக்கும். ஆனால் ஆய்வகத்தில் வழக்கமாக அளப்பது சிலவற்றை மட்டும். நேர்மின் பக்கம் பெரும்பங்கு சோடியம். எதிர்மின் பக்கம் குளோரைடும் பைகார்பனேட்டும். நலமாக இருப்பவருக்குச் சோடியம் 140, குளோரைடு 104, பைகார்பனேட் 24 என்று வைத்தால், பின்னிரண்டின் கூட்டு 128. சோடியத்தைவிட 12 குறைகிறது. அந்த இடத்தை நிரப்புபவை வழக்கமாக அளக்கப்படாத எதிர்மின் அயனிகள். அவற்றில் முக்கியமானது அல்புமின் என்னும் புரதம். இந்த 12தான் இயல்பான அனயான் கேப்.

நம் நோயாளிக்கு 136லிருந்து 86ஐயும் 21ஐயும் கழித்தால் 29. கேப் 12 இருக்க வேண்டிய இடத்தில் 29 இருக்கிறது. அதாவது, அளக்கப்படாத ஏதோ ஒரு எதிர்மின் அயனி 17 அலகு அளவுக்கு ரத்தத்துக்குள் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. இந்தப் பெண்ணின் கதையில் அது கீட்டோனாகத்தான் இருக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கீட்டோன் பார்த்தால் உறுதியாகிவிடும். சிறுநீர்ப் பட்டையை மட்டும் நம்பக் கூடாது. அது காட்டுவது அசிட்டோ அசிட்டேட்டை, டி.கே.ஏ.யில் அதிகமாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டை அது காட்டாது.

ஆக, அமிலம் இருப்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் பி.எச். ஏன் விழவில்லை? டெல்டா கணக்கு விடை தேடுவது இந்தக் கேள்விக்குத்தான்.

ஒரு கீட்டோன் அமில மூலக்கூறு ரத்தத்தில் கலந்தால் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி ஹைட்ரஜன் அயனி. அது ஒரு பைகார்பனேட்டைத் தாக்கி அழித்துவிடும். மறுபகுதி கீட்டோன் அயனி. அது ரத்தத்திலேயே மிதந்து அனயான் கேப்பை ஒன்று கூட்டும். ஆகவே கேப் எவ்வளவு ஏறுகிறதோ, பைகார்பனேட் ஏறத்தாழ அவ்வளவு இறங்க வேண்டும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்குப் பெயர்தான் டெல்டா.

நம் நோயாளிக்குக் கேப் ஏறியது 17. பைகார்பனேட் இறங்கியது 24லிருந்து 21க்கு, வெறும் 3. பதினேழு அலகு அமிலம் வந்து மூன்று அலகு பைகார்பனேட்டைத்தான் தின்றது என்றால் நம்ப முடியுமா? அமிலம் வருவதற்கு முன்பே, அல்லது அது வந்துகொண்டிருக்கும்போதே, இன்னொரு பக்கத்திலிருந்து பைகார்பனேட் ஏறிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்ப இன்னொரு குழாய் காலி செய்துகொண்டிருந்தால், நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோலத்தான் தெரியும்.

நிரப்பிய குழாய் வாந்தி. வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கும் செல்கள், இரைப்பைக்குள் ஒரு ஹைட்ரஜன் அயனியை அனுப்பும்போதெல்லாம் ரத்தத்துக்குள் ஒரு பைகார்பனேட்டை அனுப்புகின்றன. சாதாரணமாக அந்த அமிலம் குடலுக்குள் இறங்கி, அங்கே பைகார்பனேட்டால் சமன் செய்யப்பட்டுக் கணக்கு நேராகிவிடும். வாந்தியில் அமிலம் வெளியே போய்விடுவதால் ரத்தத்தில் பைகார்பனேட் மட்டும் தங்கிவிடுகிறது. கூடவே குளோரைடும் போகிறது. மூத்த மருத்துவர் முதலில் குளோரைடைக் கேட்டது அதனால்தான். சோடியம் 136 இருக்கும்போது குளோரைடு 86 என்பது, வயிற்று அமிலம் நிறையப் போயிருக்கிறது என்று கிட்டத்தட்ட நேராகவே சொல்லிவிடும்.

இப்போது எண்ணாக எழுதலாம். கேப்பின் ஏற்றத்திலிருந்து பைகார்பனேட்டின் இறக்கத்தைக் கழித்தால் கிடைப்பது டெல்டா கேப். கழிக்காமல் வகுத்தால் டெல்டா ரேஷியோ.

```
AG          = Na - (Cl + HCO3)
Delta gap   = (AG - 12) - (24 - HCO3)
Delta ratio = (AG - 12) / (24 - HCO3)
```

இந்தப் பெண்ணுக்கு டெல்டா கேப் 17 கழித்தல் 3, அதாவது 14. டெல்டா ரேஷியோ 5.7. ஒரே ஒரு அமிலக் கோளாறு மட்டும் இருந்தால் டெல்டா கேப் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். 1990இல் ரென் என்ற அமெரிக்க மருத்துவர் அவசரச் சிகிச்சை மருத்துவ இதழ் ஒன்றில் இந்த முறையை விளக்கி எழுதினார். கூட்டல் 6க்கு மேல் போனால் மெட்டபாலிக் ஆல்கலோசிஸ், அதாவது காரம் கூடிய நிலை, சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கழித்தல் 6க்குக் கீழே போனால், கேப்பைக் கூட்டாத இன்னொரு வகை அமிலக் கோளாறு சேர்ந்திருக்கிறது. நம் எண் 14. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

வேறு விதமாகவும் இதைச் சொல்லலாம், எனக்கு மிகவும் பிடித்த விதம் இது. இப்போதுள்ள பைகார்பனேட்டோடு கேப்பின் ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள்: 21 கூட்டல் 17, 38. கீட்டோன் அமிலம் வராமல் இருந்திருந்தால் இந்தப் பெண்ணின் பைகார்பனேட் 38 ஆக இருந்திருக்கும். கடுமையான வாந்திக்குப் பின் வரும் எண் அது. சிகிச்சையில் இந்த ஊகம் கண்ணெதிரே சரிபார்க்கப்படுவதும் உண்டு. இன்சுலின் போனதும் ஈரல் கீட்டோன் உற்பத்தியை நிறுத்தும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் கீட்டோன் அயனிகள் எரிந்து பைகார்பனேட்டாக மாறும். வெறும் டி.கே.ஏ. என்றால் பைகார்பனேட் இயல்பை நோக்கி ஏறும். இப்படிப்பட்ட நோயாளியிடம் அது 24ஐத் தாண்டி 30ஐயும் தொடக்கூடும். மறைந்திருந்த ஆல்கலோசிஸ் அப்போதுதான் வெளியே தலைகாட்டுகிறது.

இதையெல்லாம் கண்டுபிடிப்பதால் சிகிச்சையில் என்ன மாறுகிறது என்று கேட்கலாம். முதலாவது, நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுவதில்லை. டி.கே.ஏ. என்று சொல்ல பி.எச்., பைகார்பனேட் இரண்டுக்கும் வரையறை உண்டு. இந்தப் பெண் அந்த இரண்டு வலையிலிருந்தும் நழுவிவிடுகிறார். ஆனால் கீட்டோன் உற்பத்தி அதே வேகத்தில் நடந்துகொண்டிருக்கிறது. வாந்தியை மட்டும் நிறுத்தி அனுப்பினால், நிரப்பும் குழாய் மூடிக்கொள்ளும், காலி செய்யும் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். பி.எச். அதற்குப் பிறகுதான் சரியும்.

இரண்டாவது, பொட்டாசியம். வாந்தியால் வந்த ஆல்கலோசிஸ் சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை இழக்கச் செய்கிறது. சர்க்கரை கூடியதால் அதிகமாகப் போகும் சிறுநீரும் அதையே செய்கிறது. அதற்கு மேல் இன்சுலின் கொடுத்தால், இருக்கிற பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும். இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் இன்சுலின் தொடங்குவார்கள். மூன்றாவது, நார்மல் சலைன். அதில் லிட்டருக்கு 154 அலகு குளோரைடு இருக்கிறது. வாந்தியில் இழந்தது அதே குளோரைடுதான் என்பதால் இவருக்கு அது உடல் வறட்சிக்கும் ஆல்கலோசிஸுக்கும் சேர்த்தே மருந்தாகிறது.

ஆனால் அதே சலைன் இன்னொரு நோயாளியிடம் நேர் எதிரான விளைவைத் தரும். டெல்டா கணக்கின் மறுபக்கம் தெரிவது அங்கேதான்.

வாந்தி இல்லாத, வழக்கமான டி.கே.ஏ. நோயாளி ஒருவர். வந்தபோது சோடியம் 134, குளோரைடு 98, பைகார்பனேட் 8. கேப் 28, ஏற்றம் 16. பைகார்பனேட்டின் இறக்கமும் 16. ரேஷியோ மிகச் சரியாக 1. ஒரே கோளாறுதான். சலைனும் இன்சுலினும் ஏறின. பல மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சோடியம் 138, குளோரைடு 110, பைகார்பனேட் 12. இரவு டியூட்டியில் இருப்பவருக்குக் கவலை. இவ்வளவு நேரமாகியும் பைகார்பனேட் 12தானே! இன்சுலின் வேலை செய்யவில்லையா, அளவைக் கூட்டலாமா?

கணக்கைப் போட்டால் கேப் 16. ஏற்றம் வெறும் 4. ஆனால் பைகார்பனேட்டின் இறக்கம் 12. ரேஷியோ 0.33, டெல்டா கேப் கழித்தல் 8. மிச்சமிருக்கும் அமிலக் குறையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் கீட்டோன் காரணம். கீட்டோன் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இன்சுலின் தன் வேலையைச் செய்திருக்கிறது. பைகார்பனேட் இன்னும் ஏறாததற்கு இரண்டு காரணங்கள். கீட்டோன் அயனிகளில் ஒரு பகுதி, பைகார்பனேட்டாக மாறும் வாய்ப்பை இழந்து, சிறுநீரோடு வெளியே போய்விட்டது. அந்த வெற்றிடத்தைச் சலைனில் வந்த குளோரைடு பிடித்துக்கொண்டது. இதற்கு ஹைப்பர்குளோரீமிக் அசிடோசிஸ் என்று பெயர். சிறுநீரகம் நன்றாக இருந்தால், அதுவே அடுத்த ஓரிரு நாளில் அதிகக் குளோரைடைத் தள்ளிப் புதிய பைகார்பனேட்டை உண்டாக்கிவிடும். இங்கே இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரையும் பொட்டாசியமும் விழும் ஆபத்துதான் மிஞ்சும். டி.கே.ஏ. தீர்ந்ததா என்று பார்க்க பைகார்பனேட்டை மட்டும் பார்க்காமல் கேப்பையும் கீட்டோனையும் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ரேஷியோ 1 முதல் 2 வரை இருந்தால் ஒரே கோளாறு, 2க்கு மேல் என்றால் ஆல்கலோசிஸ் சேர்ந்தது, 1க்கு நன்றாகக் கீழே என்றால் குளோரைடு வகை அசிடோசிஸ் சேர்ந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. 1 முதல் 2 வரை என்று அவ்வளவு அகலமாக விட்டதற்குக் காரணம், எல்லா அமிலமும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. கீட்டோன் அயனிகள் சிறுநீரில் எளிதாகப் போய்விடுவதால் கேப் அதிகம் ஏறாது. ரேஷியோ 1ஐ ஒட்டியே நிற்கும். லாக்டிக் அமிலம் வேறு மாதிரி. லாக்டேட் அயனி பெரும்பாலும் ரத்தத்திலேயே தங்கும், ஆனால் அது விட்டுச்சென்ற ஹைட்ரஜன் அயனிகளில் கணிசமான பங்கைச் செல்களும் எலும்பும் உள்வாங்கிக்கொள்ளும். பைகார்பனேட் அடிவாங்குவது குறையும். அதனால் ரேஷியோ சராசரியாக 1.6 வரை வரும். ஆகவே 1.6 என்ற எண்ணைப் பார்த்ததும் ஆல்கலோசிஸ் என்று துள்ளக் கூடாது. எந்த அமிலம் என்று முதலில் கேட்க வேண்டும்.

கழிப்பதா வகுப்பதா என்று கேட்டால், நான் கழிப்பதன் பக்கம். வகுக்கும்போது கீழே இருக்கும் எண் சிறியதாக இருந்தால் விடை வெறிபிடித்ததுபோல ஏறும். நம் முதல் நோயாளியின் பைகார்பனேட் 21க்குப் பதில் 23 என்று ஆய்வகம் சொல்லியிருந்தால் கேப் 27, ரேஷியோ 15. பைகார்பனேட் 24 என்றால் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டி வரும். டெல்டா கேப்போ அப்போதும் அதே 14தான். காரணத்தைச் சூத்திரத்திலேயே பார்க்கலாம். அடைப்புகளை விரித்தால் பைகார்பனேட் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், மிஞ்சுவது இவ்வளவுதான்:

```
Delta gap = Na - Cl - 36
```

136 கழித்தல் 86 கழித்தல் 36, பதினான்கு. ஏறிய கேப்பைப் பார்த்த பிறகு, சோடியத்தையும் குளோரைடையும் மட்டும் பார்த்து மனதிலேயே போடும் கணக்கு.

எளிமையான கணக்கு என்பதாலேயே அதன் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். எந்த எண்ணை உள்ளே போடுகிறோம் என்பது முதல் பலவீனம். சர்க்கரை மிக அதிகமாக இருக்கும்போது, சோடியத்தைத் திருத்திக் கணக்கிடும் வழக்கம் ஒன்று உண்டு. இங்கே அந்தத் திருத்தம் கூடாது. சர்க்கரை செல்களிலிருந்து இழுத்த தண்ணீர் சோடியத்தை மட்டுமல்ல, குளோரைடையும் பைகார்பனேட்டையும் சேர்த்தே நீர்க்கச் செய்திருக்கிறது. ஒன்றை மட்டும் திருத்தினால் இல்லாத கேப் ஒன்று முளைக்கும். அதேபோல, சோடியமும் குளோரைடும் ஆய்வக ரிப்போர்ட்டிலிருந்தும், பைகார்பனேட் வேறு நேரத்தில் எடுத்த ஏ.பி.ஜி.யிலிருந்தும் எடுத்துக் கலக்கக் கூடாது. மூன்றும் ஒரே ரத்த மாதிரியில் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு அலகு அளவீட்டுப் பிழை இருக்கலாம். அவை சேர்ந்து திரள்வதால்தான் ஆறு என்ற எல்லையை இரண்டு பக்கமும் விட்டிருக்கிறார்கள். டெல்டா கேப் 4 அல்லது 5 வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் போகாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது அல்புமின். இயல்பான 12ல் பெரும்பங்கு அல்புமினுடையது என்று முன்பே சொன்னேன். ஐ.சி.யு.வில் நீண்ட நாள் கிடப்பவர்கள், ஈரல் கெட்டவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள் ஆகியோருக்கு அல்புமின் குறைந்திருக்கும். அப்போது இயல்பான கேப்பே 12 இல்லை. அல்புமின் 4லிருந்து ஒரு கிராம் குறைந்தால் கேப்போடு 2.5 கூட்டிக்கொள்ள வேண்டும். காய்ச்சலோடு வந்த ஒருவருக்குச் சோடியம் 137, குளோரைடு 104, பைகார்பனேட் 18 என்றால் கேப் 15. ஏற்றம் 3, இறக்கம் 6, ரேஷியோ 0.5. குளோரைடு வகை அசிடோசிஸ் கலந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் அவருடைய அல்புமின் 2. திருத்திய கேப் 20, ஏற்றம் 8, ரேஷியோ 1.3. இப்போது கதையே வேறு. ஒரே கோளாறுதான், அதுவும் கேப்பை ஏற்றும் வகை. லாக்டேட் பார்த்தாக வேண்டும். கிருமித் தொற்று ரத்தம் வரை போயிருக்கலாம். அல்புமினைக் கேட்காமல் விட்டவர் இந்த ஆபத்தைத் தவறவிட்டுவிடுவார்.

கடைசியாக, 24 என்ற எண். எல்லோருக்கும் பைகார்பனேட் 24லிருந்துதான் இறங்கத் தொடங்குகிறது என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. பல வருடம் புகைபிடித்து நுரையீரல் அடைப்பு வந்தவருக்கு அது பொருந்தாது. அவர் உடலில் கார்பன் டை ஆக்சைடு எப்போதும் தேங்கியிருக்கும். அதைச் சமாளிக்கச் சிறுநீரகம் பைகார்பனேட்டை ஏற்றி வைத்திருக்கும். அவருக்கு இயல்பே 34 என்று வைப்போம். நிமோனியாவோடு வந்திருக்கிறார். சோடியம் 140, குளோரைடு 92, பைகார்பனேட் 26. கேப் 22, ஏற்றம் 10. சூத்திரப்படி டெல்டா கேப் 12. மெட்டபாலிக் ஆல்கலோசிஸ் என்று அடித்துச் சொல்லும். ஆனால் 24க்குப் பதில் அவருடைய 34ஐப் போட்டால் இறக்கம் 8, ரேஷியோ 1.25, டெல்டா கேப் 2. புதிதாக ஆல்கலோசிஸ் எதுவும் இல்லை. ஏறிய கேப் மட்டும் உண்மை, அதற்கான காரணத்தைத்தான் தேட வேண்டும்.

அந்த 34 எங்கே கிடைக்கும்? ஏ.பி.ஜி.யில் கார்பன் டை ஆக்சைடு உயர்ந்திருப்பதும் நோயாளியின் வரலாறும் குறிப்புக் கொடுக்கும். உறுதியாகத் தெரிவது, அவர் நன்றாக இருந்தபோது எடுத்த பழைய ரிப்போர்ட்டில். நாள்பட்ட நுரையீரல் நோயோ சிறுநீரக நோயோ உள்ளவரை அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எலெக்ட்ரோலைட் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.